நரையை மறைக்கலாம், முடியை மறைக்காமல்

காதுகுத்து, மணிவிழா, கட்சி மாநாடு என்று எதற்கு வைத்த பிளெக்ஸ் பேனராக இருந்தாலும் அதில் ஒரு தலையாவது சட்டியைக் கவிழ்த்த மாதிரி கன்னங்கரேலென்று இருக்கும். முகம் அறுபது வயதைச் சொல்லும், தலை இருபதைச் சொல்லும். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எது சிரிப்பை வரவழைத்தது என்று கேட்டால் "ரொம்பக் கருப்பா இருக்கு" என்பார்கள். உண்மையில் தவறு கருப்பில் இல்லை. அந்தத் தலையில் முடியே இல்லை, மை மட்டும்தான் இருக்கிறது. இழை இல்லை, வகிட்டில் தோல் இல்லை, எண்ணெய் மினுமினுப்பும் இல்லை. நரையோடு சேர்த்து இவை எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள்.

படத்தில் நரையை மறைப்பது கணினியில் அன்றாடம் நடக்கிற வேலை. கல்யாண ஆல்பம் தயாரிக்கும் கூடங்களில் அதிகம் வரும் கோரிக்கைகளில் ஒன்று இது: "அம்மாவுக்கு வேர்ல வெள்ளை தெரியுது, கொஞ்சம் எடுத்துவிடுங்க தம்பி. ஆனா எடுத்த மாதிரி தெரியக் கூடாது." முதல் வாக்கியம் சுலபம். இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் கூலி. அது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம்.

படத்தில் இருப்பவர்

அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி, இடுப்புக்கு மேல் தெரியும்படி நிற்கிறார். அடர்பழுப்பு டை போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே வகிட்டின் இரு பக்கமும், காதோரத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை வேர் தெரிகிறது. வகிட்டின் தொடக்கத்தில் குங்குமம். பின்கொண்டையைச் சுற்றி வைத்த மல்லிகைச் சரம் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. நெற்றியின் மேல் விளிம்பில் பூனைமுடி.

படம் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது. உயரம் 6000 பிக்சல், அகலம் 4000 பிக்சல். சட்டகத்துக்குள் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் உயரம் அடங்கியிருக்கிறது. அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 0.1 மில்லிமீட்டர் வருகிறது. இந்தச் சின்னக் கணக்கை முதலில் போட்டுக்கொள்வது நல்லது, மீதி வேலை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் சுமாராக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. அதாவது இவ்வளவு பெரிய படத்திலும் ஓர் இழை ஒரு பிக்சலைக்கூட முழுசாக நிரப்பாது. அந்தப் பிக்சலில் முக்கால் பங்கு முடியும் கால் பங்கு பின்னால் இருக்கும் தோலும் கலந்து ஒரே நிறமாகப் பதிந்திருக்கும். லென்ஸின் இயல்பான மங்கல் அந்தக் கலவையைப் பக்கத்துப் பிக்சல்களுக்கும் கொஞ்சம் பரப்பிவிடும்.

"இது முடி, இது தோல்" என்று கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் எல்லை போட முடியாததற்குக் காரணம் இதுதான். எல்லை என்று ஒன்று படத்திலேயே இல்லை. முடிக்குப் போடும் மாஸ்க்கில் வெள்ளை, கருப்பு இரண்டு மட்டும் இருந்தால் போதாது. இடையில் சாம்பல் இருக்க வேண்டும். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் திருத்தம் முழுதாக ஏறும், கருப்பான இடத்தில் ஏறவே ஏறாது, பாதிச் சாம்பலில் பாதி ஏறும். முக்கால் பங்கு முடி உள்ள பிக்சலுக்கு முக்கால் பங்கு திருத்தம் கிடைத்துவிட்டால் இழை இழையாகவே இருக்கும். கையால் பிரஷ் பிடித்து இதை வரைய யாராலும் ஆகாது. அந்தச் சாம்பலைப் படத்திடமிருந்தே வாங்க வேண்டும்.

நீலச் சேனல் என்னும் நண்பன்

எங்கிருந்து வாங்குவது? கணினியில் ஒவ்வொரு வண்ணப் படமும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கருப்பு வெள்ளைப் படங்களின் சேர்க்கைதான். போட்டோஷாப்பில் `Channels` பலகையைத் திறந்தால் மூன்றையும் தனித்தனியே பார்க்கலாம்.

நம் படத்தில் மூன்று இடங்களில் அளவு எடுத்துப் பார்ப்போம். அளவு 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். வகிட்டுத் தோல் சிவப்பில் 170, பச்சையில் 120, நீலத்தில் 90. நரை முடி சிவப்பில் 165, பச்சையில் 160, நீலத்தில் 158. டை போட்ட முடி 48, 36, 30.

சிவப்புச் சேனலில் தோலும் நரையும் ஏறக்குறைய ஒன்று, 170க்கும் 165க்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? அந்தச் சேனலைப் பார்த்தால் வகிடு முழுவதும் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும். நீலச் சேனலுக்கு வந்தால் தோல் 90க்கு இறங்கிவிட்டது, நரை 158இலேயே நிற்கிறது. தோல் சிவப்பு ஒளியை அதிகமாகவும் நீல ஒளியைக் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. நிறமியை இழந்த நரை முடிக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. ஆகவே நீலச் சேனலில் தோல் கருத்துப் பின்வாங்க, நரை இழைகள் ஒவ்வொன்றாக எடுப்பாகத் தெரியும். குங்குமமும் சிவப்பு என்பதால் அங்கே ஏறக்குறைய கருப்பாகிவிடுகிறது. அதைத் தனியாக விலக்கும் வேலை மிச்சம்.

இந்த நீலச் சேனலை நகல் எடுத்து, அந்த நகலின்மேல் `Levels` போட வேண்டும். கருப்பு முனையை 100க்கும், வெள்ளை முனையை 165க்கும் நகர்த்துகிறோம். 90இல் இருந்த தோல் முழுக் கருப்பாகிறது. 158இல் இருந்த நரை ஏறக்குறைய வெள்ளையாகிறது. தோலும் நரையும் கலந்து நடுவில் 120, 130 என்று நின்ற பிக்சல்கள் தாமாகவே சாம்பலாகின்றன. நாம் தேடிய சாம்பல் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இதே எல்லையைக் காதோரத்துக்கும் வைத்தால் பாதி நரை தப்பிவிடும். அங்கே தோல் தெரியவில்லை, நரை இழைகள் டை போட்ட முடிக்குள் கலந்து கிடக்கின்றன. நரையும் பழுப்பும் பாதிப் பாதி கலந்த பிக்சல் நீலச் சேனலில் 95 அளவில் இருக்கும். 100க்குக் கீழ் இருப்பதால் அது கருப்பாகி, திருத்தத்திலிருந்து நழுவிவிடும். வேலை முடிந்த பிறகு காதோரத்தில் உப்புத் தூவினாற்போல் பொட்டுப்பொட்டாகத் தெரிவது இப்படி நழுவியவைதான். எனவே வகிட்டுக்கு ஒரு நகல், காதோரத்துக்கு இன்னொரு நகல் என்று இரண்டாக எடுப்பார்கள். காதோர நகலில் கருப்பு முனையை 45க்கு இறக்கிவிட்டால் கலந்த பிக்சல்களும் பாதிச் சாம்பலாக உள்ளே வந்துவிடும்.

அடுத்து, வேண்டாதவற்றை நீக்க வேண்டும். மல்லிகைச் சரம், கண்ணின் வெள்ளை, மூக்குத்திக் கல், சேலையின் வெளிர்ப் பகுதி எல்லாம் நீலச் சேனலில் பளீரென்று இருக்கும். அவற்றின்மேல் கருப்பு பிரஷால் தாராளமாகப் பூசிவிடலாம். பூ முடியைத் தொடும் இடத்தில் மட்டும் படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் மல்லிகையின் ஓரங்கள் வாடிய பழுப்பாக மாறிவிடும்.

மினுமினுப்பும் நரையும்

மாஸ்க்கில் ஏமாற்றும் இன்னொன்று முடியின் மினுமினுப்பு. எண்ணெய் தடவிச் சீவிய தலையில் ஒளி பட்டால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். நீலச் சேனலுக்கு அதுவும் வெள்ளை, நரையும் வெள்ளை. இரண்டையும் சேர்த்துக் கருப்பாக்கினால் கிடைப்பது விக்.

இவற்றைப் பிரித்துச் சொல்வது கண்ணுக்குச் சுலபம். நரை முடியின் நீளவாக்கில் ஓடும். வேரில் தொடங்கி, டை தொடங்கும் இடத்தில் சட்டென்று நின்றுவிடும். மினுமினுப்பு குறுக்குவாக்கில் ஓடும். தலை வளையும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து இழைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் ஒளிர்ந்து, ஒரு பட்டை போல் தலையைச் சுற்றி வரும். அந்தப் பட்டைதான் தலையின் உருண்டையை நமக்குக் காட்டுகிறது. அது போனால் தலை தட்டையாகிவிடும். மாஸ்க்கில் அந்தப் பட்டையின்மேல் விளிம்பு மென்மையான கருப்பு பிரஷை ஒருமுறை ஓட்டி, திருத்தம் அங்கே எட்டாமல் செய்துவிட வேண்டும்.

முதலில் வெளிச்சம், பிறகு நிறம்

மாஸ்க் தயார். பழகாதவர்கள் இப்போது செய்வது, புது லேயர் எடுத்து, டை போட்ட முடியின் நிறத்தைத் தொட்டு, லேயரின் முறையை `Color` என்று வைத்துப் பூசுவது. பூசிப் பார்த்தால் நரை மறைந்திருக்காது. வெள்ளை முடி, தேநீர் கொட்டிய துணிபோல் வெளிர்பழுப்பாக நிற்கும். `Color` முறை நிறத்தையும் அதன் செறிவையும் மட்டுமே மாற்றும், கீழே இருக்கும் வெளிச்சத்தைத் தொடாது. நரையின் முதல் குற்றம் அது வெள்ளையாக இருப்பது அல்ல, வெளிச்சமாக இருப்பதுதான். வெளிச்சத்தை இறக்காமல் நிறத்தை ஏற்றிப் பயனில்லை.

ஆகவே வேலை இரண்டு கட்டமாக நடக்கும். `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு நகல் சேனலின் சிறு படத்தைச் சொடுக்கினால் அதன் சாம்பல்கள் அப்படியே தேர்வாக மாறும. அந்தத் தேர்வு இருக்கும்போதே `Levels` சரிசெய்யும் லேயர் ஒன்றைச் சேர்த்தால், தேர்வு அதன் மாஸ்க்காக உட்கார்ந்துவிடும். அந்த லேயரில் `Output Levels` என்று கீழே ஒரு பட்டை இருக்கும். அதன் வெள்ளை முனையை 255இலிருந்து 70க்கு இழுக்க வேண்டும். 165 இருந்த நரை 45க்கு இறங்கிவிடும். இன்னும் வெளிச்சமாக 200 இருந்த இழை 55க்கு வரும், 120 இருந்தது 33க்குப் போகும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதால் இழைக்கும் இழைக்கும் உள்ள வேறுபாடு அப்படியே இருக்கும். படத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் இழைகளையே இருட்டாக்குகிறோம், மேலே எதையும் பூசவில்லை. பேனர் முடிக்கும் இந்த முடிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஓரிடத்தில்தான்.

70 என்பது இந்தப் படத்துக்கான எண். வேறு படத்தில் டை போட்ட முடி எவ்வளவு இருட்டு என்று பார்த்து, அதைவிட நூலளவு வெளிச்சமாக நிறுத்துவது நல்லது. உண்மையான டையும் நரையில் கொஞ்சம் வெளிறித்தான் பிடிக்கும்.

இப்போது படத்தைப் பார்த்தால் வேர் இருட்டாகிவிட்டது, ஆனால் ஈயச் சாம்பலாக, கொஞ்சம் நீலம் பாய்ந்தாற்போல் இருக்கிறது. நரையின் மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. விகிதத்தில் குறைத்த பிறகும் 45, 44, 43 என்றே நிற்கின்றன. டை போட்ட முடியோ 48, 36, 30. சிவப்பு ஓங்கி நீலம் தாழ்ந்த இந்தச் சரிவுதான் பழுப்பின் சூடு. இப்போதுதான் `Color` முறையில் ஒரு லேயரை மேலே வைக்கும் நேரம். அதே மாஸ்க்கை இதற்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். நிறத்தை ஒரே இடத்தில் தொட்டு எடுக்கக் கூடாது. நிழலில் ஒன்று, நடுவில் ஒன்று, மினுமினுப்பின் அருகில் ஒன்று என்று மூன்று இடங்களில் எடுத்து, அந்தந்தப் பகுதிக்கு அருகில் இருக்கும் வேருக்கு அந்தந்த நிறத்தை 20, 30 சதவீத அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

இந்த நிற லேயரின் மாஸ்க்கை இரண்டு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிவிடுவது நல்லது. வெளிச்சத்தில் வரும் நுண்ணிய வேறுபாட்டைக் கண் உடனே பிடித்துவிடும், நிறத்தில் வரும் நுண்ணிய வேறுபாட்டை அவ்வளவாகக் கவனிக்காது. ஜேபெக் கோப்புகள் பெரும்பாலும் வெளிச்சத்தைத் துல்லியமாகவும் நிறத்தைக் குறைந்த துல்லியத்திலும் சேமிப்பது இதை நம்பித்தான். வெளிச்ச மாஸ்க் இழை அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும், நிற மாஸ்க் கொஞ்சம் பரவலாக இருந்தால் திட்டுத்திட்டாகத் தெரியாது.

கையால் வரையும் இழைகள்

இவ்வளவும் செய்த பிறகு பத்தில் எட்டுப் பங்கு வேலை முடிந்திருக்கும். மீதி இரண்டு பங்கு வகிட்டில் இருக்கிறது. தோலும் நரையும் நெருக்கமாகக் கலந்த இடங்களில் சில இழைகள் நழுவியிருக்கும். சில இடங்களில் ஒளி அதிகமாகி, இழையே பதியாமல் வெறும் வெள்ளையாக இருக்கும். வெறும் வெள்ளையை இருட்டாக்கினால் வெறும் சாம்பல்தான் கிடைக்கும், அதற்குள் இழை வராது.

இங்கே முதலில் கைகொடுப்பது `Clone Stamp`. புது லேயரில், அதன் முறையை `Darken` என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் அதே திசையில் ஓடும் டை போட்ட முடியிலிருந்து எடுத்து இங்கே ஒற்ற வேண்டும். `Darken` முறையில் வெளிச்சமான பிக்சல் மட்டுமே மாறும், ஏற்கெனவே இருட்டாக இருப்பவை அப்படியே இருக்கும். திசை முக்கியம். வகிட்டுக்கு இடப்பக்கத்து முடி இடப்பக்கம் சரியும், வலப்பக்கத்து முடி வலப்பக்கம் சரியும். இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் ஒற்றினால், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும்.

அதற்கும் அடங்காத சில இடங்களில் இழையை வரையத்தான் வேண்டும். பிரஷ் அளவு 1 முதல் 2 பிக்சல், அதற்கு மேல் போனால் அது முடியல்ல, கயிறு. பேனா பலகை இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப தடிமன் மாறும்படி வைத்து, வேரிலிருந்து நுனிக்கு ஒரே வீச்சில் இழுத்து, முடிவில் கையைத் தூக்கிவிட வேண்டும். சுட்டியால் வரைந்தால் கோடு முழுவதும் ஒரே தடிமனில் வரும். அப்போது நுனியை அழிப்பானால் மெலிதாக்கலாம். எல்லா இழைகளையும் ஒரே கோட்டில் தொடங்கக் கூடாது. இயற்கையான வகிட்டில் வேர்கள் முன்பின்னாக இருக்கும், இரண்டு மூன்று முடி வகிட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமும் விழுந்திருக்கும். ஒரே கோட்டில் தொடங்கினால் வகிடு ஸ்கேல் வைத்துக் கிழித்தது போலாகிவிடும்.

வரைந்த இழைகளில் இன்னொரு குறை இருக்கும். அவை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கும். கேமரா பதிவு செய்த எல்லாவற்றிலும் பொடிப்பொடியான மணல் ஒன்று உண்டு, மண்டபத்தின் மங்கிய ஒளியில் எடுத்தால் இன்னும் அதிகம். வரைந்த லேயரில் `Add Noise` வழியே 1 அல்லது 2 சதவீதம், நிறமில்லாத மணலாகச் சேர்த்தால் அவை சுற்றியிருப்பவற்றோடு கலந்துவிடும்.

வகிட்டுத் தோலைத் தொடவே கூடாது. வயது ஏறும்போது முடி அடர்த்தி குறைந்து வகிடு சற்று அகன்றிருக்கும். அதையும் சேர்த்து மூடப் பார்த்ததால்தான் பேனர் தலைகள் கவிழ்த்த சட்டியாகின்றன. நெற்றி விளிம்பின் பூனைமுடியிலும் நாலைந்து வெள்ளை இழைகளை விட்டுவிடுவது நல்லது. வீட்டில் டை போடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் எப்படியும் ஒன்றிரண்டு தப்பத்தான் செய்யும்.

கருப்பைப் பழுப்பாக்குவது

நரையை மறைப்பதன் தலைகீழ் வேலை ஒன்றும் வரும். கல்லூரிப் பெண்ணின் கருங்கூந்தலைப் பர்கண்டி நிறமாக்கிப் பார்க்க வேண்டும், சலூன் போவதற்கு முன் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் என்பார்கள். இங்கேயும் அதே விதிதான், திசை மட்டும் மாறும். முடி 25, 22, 20 என்று இருந்தால் அதன்மேல் `Color` லேயரில் எந்தச் சிவப்பைப் பூசினாலும் ஒன்றும் தெரியாது. இருட்டில் நிறம் நிற்க இடமில்லை. முதலில் `Curves` லேயரால் முடியின் நடுத்தர வெளிச்சத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக உயர்த்தி, பிறகுதான் நிறத்தை ஏற்ற வேண்டும். மினுமினுப்புப் பட்டையை இங்கேயும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட வேண்டும். முடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி விளக்கின் நிறத்தில்தான் இருக்கும், சாயத்தின் நிறத்தில் இருக்காது. அதையும் சேர்த்துச் சிவப்பாக்கினால் முடி பிளாஸ்டிக் நூலாகிவிடும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. இருட்டை உயர்த்தும்போது அதில் ஒளிந்திருந்த மணலும் சேர்ந்து உயரும். கேமராவின் ரா கோப்பு கையில் இருந்தால் கொஞ்சம் தாங்கும். ஜேபெக் மட்டும் இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தும்போது கட்டம்கட்டமாக உடைந்துவிடும். கருங்கூந்தலைப் பொன்னிறமாக்கித் தாருங்கள் என்பவரிடம் முடியாது என்று சொல்லிவிடுவதே நேர்மை. அவ்வளவு வெளிச்சமும் அதற்குள் இழைகளும் அந்தப் படத்தில் இல்லை.

இந்த வேலையில் முடியின் வெளிவிளிம்பும் முக்கியமாகிறது, ஏனென்றால் மாறுவது வேர் மட்டுமல்ல, முழுக் கூந்தலும். தலையை முழுவதும் தேர்ந்தெடுத்து `Select and Mask` பலகைக்குள் போய், பறக்கும் இழைகளின்மேல் மட்டும் `Refine Edge Brush` ஓட்டினால், முடி எது, பின்னணி எது என்று அது கணக்கிட்டுச் சாம்பல் மாஸ்க் தரும். வெற்றுச் சுவர் பின்னணியாக இருந்தால் நன்றாக வரும். பின்னால் மரக்கிளையோ சீரியல் விளக்கோ இருந்தால் குழம்பிவிடும். அதே பலகையில் இருக்கும் `Decontaminate Colors` இந்த வேலைக்குத் தேவையில்லை. ஆளை வெட்டி வேறு பின்னணியில் ஒட்டும்போதுதான், பழைய சுவரின் நிறம் விளிம்பில் தொற்றியிருப்பதை நீக்க அது வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படம்

இவ்வளவு நுணுக்கமும் கோப்பு நல்லதாக இருந்தால்தான். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வந்தால் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் என்று கணக்கு மாறுகிறது. நான்கைந்து முடி சேர்ந்து ஒரு பிக்சல். அதில் இழை என்று பிரிக்க எதுவும் மிஞ்சாது, நரை வெறும் வெளிர் பட்டையாகத்தான் இருக்கும். அப்போது வெளிச்சத்தை அரைவாசி இறக்கி, வெள்ளையைச் சாம்பலாக்கி நிறுத்திக்கொள்வதே முறை. முழுக் கருப்பாக்கப் போனால் பேனர் தலைதான் வரும். மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிவிட்டால் இந்த வில்லங்கமே இல்லை.

பிலிம் காலத்து ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்குத் தடை வேறு மாதிரி இருந்தது. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? முகச் சுருக்கம் அங்கே தெளிவான கோடாக இருக்கும், கூரான பென்சிலால் நிரப்பினால் அச்சில் மறைந்துவிடும். நரை முடியோ நெகட்டிவில் அடர்ந்த கருப்பு. அதை அச்சில் கருப்பாக்க வேண்டுமானால் நெகட்டிவின் பூச்சைக் கத்தி முனையால் மென்மையாகச் சுரண்ட வேண்டும். கை கொஞ்சம் வழுக்கினால் நெகட்டிவே போய்விடும். அதைவிட அச்சுப் பிரதியின்மேல் தூரிகையால் மை தொட்டு வைப்பது பத்திரமான வழி. இன்று கணினியில் லேயரை அணைத்தால் மூலம் அப்படியே இருக்கிறது. இருந்தும் பலர் நேரடியாக மூலப் படத்தின்மேலேயே பூசி, சேமித்தும் விடுகிறார்கள்.

தெரிகிறதா என்று பார்ப்பது

வேலை முடிந்ததும் நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பார்ப்பது நல்ல சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே `Black & White` லேயர் ஒன்றைத் தற்காலிகமாக வைத்தால், இருட்டு ஒத்துவராத இடம் திட்டாகத் தனியே எழுந்து நிற்கும். வேர் அருகே ஒரு பட்டை மீதி முடியைவிடக் கருப்பாக இருந்தால் `Levels` அதிகம் இறங்கிவிட்டது என்று பொருள். வெளிறியிருந்தால் மாஸ்க் போதவில்லை. பிறகு அந்த லேயரை எடுத்துவிட்டு, படத்தை முழு அளவில் ஒருமுறையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஒருமுறையும் பார்க்க வேண்டும். முழு அளவில் இழைகளின் குறை தெரியும், சுருக்கினால் தலையின் வடிவம் குலைந்ததா என்பது தெரியும்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுவார்கள், புருவம். தலை கருத்துப் புருவம் நரைத்திருந்தால் கண் அங்கேதான் போய் நிற்கும். புருவத்தை முழுவதும் கருப்பாக்க வேண்டியதில்லை, தலையில் செய்ததில் பாதியளவு இறக்கினால் போதும். ஆல்பத்தில் அதே அம்மா நாற்பது படங்களில் இருப்பார் என்றால் எல்லாவற்றிலும் ஒரே அளவு இறக்கம் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் கருப்பு முடியோடு தாலி எடுத்துக் கொடுத்தவர் பந்தியில் நரையோடு பரிமாறினால் எந்தத் திருத்தமும் அம்பலமாகிவிடும். முன்வரிசைப் படங்களில் முழு வேலையும், கூட்டத்தில் சிறியதாகத் தெரியும் படங்களில் வெளிச்சத்தை இறக்கும் ஒரு லேயரும் போதுமானது.

போட்டோஷாப் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே வேலையைச் செய்யலாம். சேனல் நகல், மாஸ்க், லெவல்ஸ் எல்லாம் அதில் உண்டு, `Color` முறைக்கு அங்கே `HSL Color` என்று பெயர். எதில் செய்தாலும் லேயர்களோடு ஒரு கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, அச்சுக்கு வேறொரு நகல் எடுப்பதே பாதுகாப்பு. பாஸ்போர்ட், விசா படங்களுக்கு மட்டும் இந்த வேலை ஆகாது. ஆளை அடையாளம் காட்ட வேண்டிய படத்தில் அவர் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

கடைசியாக எல்லா லேயர்களையும் ஒரு தொகுப்புக்குள் போட்டு, அந்தத் தொகுப்பின் `Opacity` அளவை 100இலிருந்து 85க்கு இறக்கிப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் அங்கேதான் சரியாக நிற்கும். அந்த 15 சதவீத நரை கசிந்து வருவதால் வேர் முழுவதும் ஒரே கருப்பாக இல்லாமல் ஏற்ற இறக்கத்தோடு தெரியும். இன்னும் கொஞ்சம் கருப்பாக்கச் சொல்லி வீட்டார் கேட்டால் ஏற்றிக்கொள்ளலாம், லேயர் அங்கேயே இருக்கிறது. அதற்கு முன் படத்தில் இருப்பவரிடமே ஒருமுறை காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. பிள்ளைகள் எடுத்துவிடச் சொன்ன நரையை, "அது இருக்கட்டும்பா, நல்லாத்தானே இருக்கு" என்று வைத்துக்கொள்ளும் அம்மாக்களும் இருக்கிறார்கள்.